பள்ளி, கல்லூரிகளுக்கு அச்சகம் எழுதும் ஆண்டு ஆர்டர் மெயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு கல்வியாண்டும் தொடங்குமுன் அச்சகம் நடத்தும் நண்பர்கள் பலர் தங்கள் மெயிலை எழுதிவிட்டு, "இது சரியா இருக்கா பாருங்க" என்று அனுப்புவார்கள். வருடம் முழுவதற்கும் ஸ்டேஷனரியும் தேர்வு வினாத்தாளும் அச்சடித்துத் தருகிறோம் என்று பள்ளி, கல்லூரிகளுக்குச் சொல்லும் மெயில் அது. கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மெயில்ல என்னதான் எழுதணும்? எங்க அச்சகத்தைப் பத்தி முழுசா சொல்லணுமா?

வேண்டாம். எத்தனை மெஷின் இருக்கிறது, எந்த ஆண்டு தொடங்கினோம் என்பதெல்லாம் படிப்பவருக்கு உடனே தேவைப்படாதவை. பள்ளி அலுவலகத்தில் இருப்பவர் பார்ப்பது மூன்று விஷயங்களைத்தான். என்னென்ன அச்சடித்துத் தருவீர்கள், எப்போது கொண்டுவந்து சேர்ப்பீர்கள், வினாத்தாளை உங்களிடம் நம்பிக் கொடுக்கலாமா.

முதல் இரண்டுக்கும் நான்கைந்து வரி போதும். மூன்றாவதுதான் கடினம். "நம்பலாம்" என்று எழுதுவதால் யாரும் நம்பிவிடுவதில்லை. மெயிலில் நீங்கள் எதைக் காட்டுகிறீர்கள், எதைக் காட்டாமல் விடுகிறீர்கள், யாருக்கு எப்படி அனுப்புகிறீர்கள் என்பதிலிருந்தே அவர் முடிவு செய்கிறார். கீழே வரும் பதில்களில் பாதிக்கு மேல் இதைப் பற்றித்தான்.

யாருக்கு அனுப்புறது? தலைமையாசிரியருக்கா, ஆபீசுக்கா?

விடைத்தாள், வருகைப் பதிவேடு, ரசீது புத்தகம், லெட்டர்ஹெட், கவர், மதிப்பெண் அட்டை ஆகியவற்றைப் பெரும்பாலும் அலுவலகம் பார்த்துக்கொள்ளும். வினாத்தாள் அப்படி இல்லை. பள்ளியில் அது தலைமையாசிரியர் அல்லது தேர்வுப் பொறுப்பாசிரியர் கையில் இருக்கும். சொந்தமாகத் தேர்வு நடத்தும் கல்லூரி என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் கையில் இருக்கும். எனவே மெயிலை நிறுவனத் தலைவர் பெயருக்கே எழுதுங்கள். ஸ்டேஷனரி பற்றி அலுவலகத்திலும் வினாத்தாள் பற்றித் தேர்வுப் பொறுப்பாளரிடம் தனியாகவும் பேச விரும்புவதாக அதிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுகளின் வினாத்தாள் கல்லூரியின் கையில் இருக்காது. பொதுத் தேர்வு வினாத்தாள் பள்ளியின் கையில் இருக்காது. அவர்கள் அச்சடிக்கக் கொடுப்பது உள்தேர்வு, பருவத் தேர்வு, மாதிரித் தேர்வு ஆகியவற்றைத்தான். "அனைத்துத் தேர்வு வினாத்தாள்களும் அச்சிட்டுத் தரப்படும்" என்று எழுதினால், தேர்வு எப்படி நடக்கிறது என்பதே இவர்களுக்குத் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள்.

எப்ப அனுப்பினா சரியா இருக்கும்?

கல்வியாண்டு தொடங்குவதற்கு எட்டு முதல் பத்து வாரம் முன்னால். பதிவேடும் ரசீது புத்தகமும் முதல் நாளே மேசையில் இருக்க வேண்டும். விலைப்புள்ளி கேட்பது, புரூஃப் பார்ப்பது, அச்சடிப்பது, பைண்டிங் எல்லாம் சேர்த்தால் அந்த இடைவெளி தேவைப்படும். முறைப்படி விலைப்புள்ளி கோரித்தான் வாங்க வேண்டும் என்ற விதி உள்ள நிறுவனங்களுக்கு இன்னும் முன்னதாக அனுப்பி, "விலைப்புள்ளி கோரும்போது எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என்று கேளுங்கள். அங்கே ரேட்டை முதல் மெயிலிலேயே கொட்டுவதில் பயன் இல்லை.

தேர்வு நடக்கும் வாரத்திலும் தேர்வு முடிவு வரும் வாரத்திலும் அனுப்பாதீர்கள். யாரும் படிக்க மாட்டார்கள்.

அவங்களுக்கு எவ்வளவு தேவைன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?

துல்லியமாகத் தெரியாது. ஆனால் மாணவர் எண்ணிக்கை தெரிந்தால் ஓரளவு கணக்குப் போட்டுவிடலாம். அந்தக் கணக்கை மெயிலில் காட்டுவதுதான் உங்கள் மெயிலை மற்ற மெயில்களிலிருந்து பிரித்துக் காட்டும்.

ஒரு பள்ளியில் 6 வகுப்புகள், வகுப்புக்கு 200 பேர், மொத்தம் 1,200 மாணவர் என்று வைத்துக்கொள்வோம். 6 பாடம், வருடத்துக்கு 3 பெரிய தேர்வு. ஒரு தேர்வுக்கு 1,200 × 6 = 7,200 விடைத்தாள் புத்தகம். கிழிந்தது, கெட்டது, கூடுதலாகக் கேட்பது ஆகியவற்றுக்கு 5 சதவீதம் சேர்த்தால் 7,560. மூன்று தேர்வுக்கு 22,680.

இப்போது எடையைப் பாருங்கள். ஏ4 அளவில் 16 பக்கம் என்றால் 8 தாள். 60 ஜிஎஸ்எம் காகிதத்தில் ஒரு புத்தகம் ஏறக்குறைய 30 கிராம் வரும். 22,680 புத்தகம் 680 கிலோவைத் தொடும். இத்தனையையும் ஒரே நாளில் கொண்டுபோய் இறக்கினால் பள்ளியில் வைக்க இடம் இருக்காது, ஈரமும் கரையானும் வேறு. ஆகவே "ஒவ்வொரு தேர்வுக்கும் 15 நாள் முன்பு 7,560 வீதம் மூன்று தவணையாக" என்று எழுதுங்கள். தங்களுடைய ஸ்டோர் ரூமைப் பற்றி ஓர் அச்சகம் யோசித்திருக்கிறது என்பது அவர்களுக்கு உடனே புரியும். எண்ணிக்கை உத்தேசம்தான் என்பதையும், உண்மையான மாணவர் எண்ணிக்கை தந்தால் திருத்தித் தருகிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வினாத்தாளுக்கும் "ஆயிரத்துக்கு இவ்வளவு"ன்னு ரேட் போடலாமா?

கூடாது. பலர் தடுமாறுகிற இடம் இது. விடைத்தாள் ஒரே மேட்டர், ஓட்டம் பெரியது. பிளேட் ஒருமுறை போட்டால் ஆயிரக்கணக்கில் ஓடும். வினாத்தாளில் மேட்டர் நிறைய, ஒவ்வொன்றின் ஓட்டமும் சின்னது. மேலே சொன்ன பள்ளியில் ஒரு தேர்வுக்கு 6 வகுப்பு × 6 பாடம் = 36 வினாத்தாள், ஒவ்வொன்றும் 200 படிதான். நான்கு பக்க வினாத்தாளை ஏ3 தாளில் இரண்டு பக்கமும் அடித்து மடிக்கிறோம் என்றால் ஆஃப்செட்டில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிளேட், மொத்தம் 72 பிளேட். 200 படிக்கு இது கட்டுப்படியாகாது. டிஜிட்டல் டூப்ளிகேட்டரோ டிஜிட்டல் பிரஸ்ஸோதான் சரிப்படும்.

அதனால் வினாத்தாள் ரேட்டை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள். ஒரு பக்கத்தை அச்சுக்குத் தயார் செய்ய இவ்வளவு, ஒரு படிக்கு இவ்வளவு. டைப் செய்வதும் உங்கள் வேலை என்றால் அதைத் தனியாகக் காட்டுங்கள். பேக்கிங்கையும் மறந்துவிடாதீர்கள். ஹாலுக்கு 25 வீதம் 8 கட்டு, உபரியாக 10 படி கொண்ட ஒரு கட்டு என்று வைத்தால் ஒரு வினாத்தாளுக்கு 9 கட்டு. 36 வினாத்தாளுக்கு 324 கட்டு. எண்ணி, உறையிட்டு, சீல் வைக்க ஆகும் நேரம் அச்சடிக்கும் நேரத்தைவிடக் கூடுதலாகக்கூட இருக்கலாம். அதை ரேட்டில் சேர்க்காமல் விட்டால் முதல் தேர்விலேயே கை கடிக்கும்.

பல பள்ளிகளில் ஒரே ஹாலில் இரண்டு வகுப்பை மாற்றி மாற்றி உட்கார வைப்பார்கள். அப்போது 25 என்ற கணக்கு செல்லாது. ஹால் வாரியான பட்டியலைத் தேர்வுக்கு எத்தனை நாள் முன்பு அவர்கள் தர வேண்டும் என்பதையும் மெயிலில் சொல்லிவிடுங்கள்.

பேப்பர் விலை மாறிக்கிட்டே இருக்கு. வருஷத்துக்கு எப்படி ரேட் சொல்றது?

காகிதத்தின் விலையையும் அச்சுக் கூலியையும் தனித்தனியாகக் காட்டுங்கள். அச்சு, பைண்டிங், பேக்கிங் கூலி வருடம் முழுவதும் மாறாது. காகித விலை 5 சதவீதத்துக்கு மேல் ஏறினாலோ இறங்கினாலோ காகிதப் பகுதி மட்டும் அடுத்த தவணையில் மாறும், மில் பில்லைக் காட்டுவோம் என்று எழுதுங்கள். "இறங்கினாலும்" என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நிபந்தனை ஒருபக்கமாகத் தெரியும்.

எந்தக் காகிதம் என்பதையும் குறிப்பிட வேண்டும். "நல்ல தரமான பேப்பர்" என்பதற்கு அர்த்தமே கிடையாது. "60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ" என்றால் சோதித்துப் பார்க்க முடியும். சும்மா ஜிஎஸ்எம் எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. விடைத்தாளில் மை பரவக் கூடாது, எழுதியது பின்பக்கம் தெரியக் கூடாது. இரண்டுக்கும் ஒரே சோதனை: மாதிரித் தாளில் இங்க் பேனாவாலும் ஜெல் பேனாவாலும் நான்கு வரி எழுதி, காய்ந்ததும் திருப்பிப் பார்ப்பது. அந்த ரீமிலிருந்தே எடுத்த ஒரு வெற்று விடைத்தாள் புத்தகத்தை நேரில் கொடுப்பதாகச் சொல்லுங்கள். ரேட் குறைத்துக் கேட்பவர்களுக்குக் காகிதத்தைக் குறைத்துக் கொடுப்பதாக இருந்தால், அந்த மாதிரியையும் தனியாகக் கொடுத்து எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு வருத்தம் வராது.

மாதிரி காட்ட, முன்ன அடிச்ச வினாத்தாள் ஒண்ணை இணைக்கலாமா? தேர்வு முடிஞ்சு போச்சே.

ஒருக்காலும் கூடாது. தேர்வு முடிந்திருக்கலாம், ஆனால் அந்தத் தாள் உங்களுடையதல்ல. அதைப் பார்க்கும் தலைமையாசிரியருக்கு அச்சின் தரம் கண்ணில் படாது. "நம்ம வினாத்தாளையும் அடுத்த வருஷம் இப்படித்தான் இன்னொரு பள்ளிக்கு அனுப்புவாங்க" என்றுதான் தோன்றும். பழைய தாள் ஒன்று உங்கள் கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறது என்பதையும் நீங்களே காட்டிக்கொடுக்கிறீர்கள்.

மாதிரிக்கென்றே ஒரு தாளை நீங்கள் தயாரியுங்கள். பள்ளிப் பெயர் இருக்கும் இடத்தில் "மாதிரி" என்று இருக்கட்டும். ஒரு கணிதச் சமன்பாடு, ஒரு படம், ஒரு அட்டவணை, தமிழும் ஆங்கிலமும் கலந்த ஒரு கேள்வி ஆகியவை அதில் வரட்டும். உங்கள் திறமை தெரிவதற்கு அது போதும்.

எந்தெந்தப் பள்ளிக்கு அடிக்கிறோம்னு பட்டியல் கொடுத்தா நம்பிக்கை வரும்ல?

ஸ்டேஷனரிக்குக் கொடுக்கலாம், அதுவும் அந்தப் பள்ளிகளைக் கேட்டுவிட்டு. வினாத்தாளுக்குக் கூடாது. இன்ன பள்ளியின் வினாத்தாள் இன்ன அச்சகத்தில் அடிக்கப்படுகிறது என்ற தகவலே ரகசியத்தின் ஒரு பகுதி. வினாத்தாளைத் திருட நினைப்பவனுக்கு முதலில் தேவைப்படுவது அந்த முகவரிதான். அதை நாற்பது பேருக்கு மெயிலில் எழுதி அனுப்புவது சரியாகுமா?

"வினாத்தாள் பணி தரும் நிறுவனங்களின் பெயரை நாங்கள் வெளியிடுவதில்லை. உங்கள் பெயரையும் வெளியிட மாட்டோம்" என்று எழுதிப் பாருங்கள். பட்டியலைவிட அந்த வரிக்குக் கனம் அதிகம்.

"ரகசியம் காக்கப்படும்"னு எழுதினா போதாதா?

அந்த வரி எல்லா அச்சகத்தின் மெயிலிலும் இருக்கிறது. அதற்குப் பதிலாக, எப்படிக் காக்கிறீர்கள் என்பதை மூன்று நான்கு வாக்கியத்தில் எழுதுங்கள். எழுதுவதை உண்மையிலேயே செய்யவும் வேண்டும், ஏனென்றால் வந்து பார்க்கிறோம் என்பார்கள். வினாத்தாள் வெளியே போவது பெரும்பாலும் அச்சடித்த கட்டிலிருந்து அல்ல, அச்சடிக்கும்போது மிச்சமாகும் பொருளிலிருந்து. மெஷின் செட் செய்யும்போது வரும் வேஸ்ட் தாள், பிழை திருத்திய புரூஃப், ஆஃப்செட் என்றால் பிளேட், டூப்ளிகேட்டர் என்றால் பயன்படுத்திய மாஸ்டர் தாள். அந்த மாஸ்டரை எடுத்து விரித்தால் கேள்விகளைப் படித்துவிடலாம். பல டிஜிட்டல் மெஷின்களுக்குள் ஹார்டு டிஸ்க் உண்டு. அடித்த வேலையின் படம் அதில் தங்கியிருக்கக்கூடும். வேலை முடிந்ததும் அழித்துவிடும் வசதியை அந்த மெஷினில் இயக்கி வைக்க வேண்டும்.

தாள் கணக்குதான் இதில் முக்கியமான காவல். 210 படி வேண்டும், மெஷினுக்கு 225 தாள் எண்ணிக் கொடுத்தீர்கள் என்றால், வேலை முடியும்போது நல்ல படி 210-ம் வேஸ்ட் 15-ம் கையில் இருக்க வேண்டும். வேஸ்ட் 14 என்றால் அந்த ஒரு தாள் கிடைக்கும்வரை அறையை விட்டு யாரும் போகக் கூடாது. கணக்கு நேரான பிறகு வேஸ்ட், புரூஃப், மாஸ்டர் எல்லாவற்றையும் துண்டாக்கி, இரண்டு பேர் கையெழுத்திட்டு எழுதி வைக்க வேண்டும். அந்தப் பதிவேட்டின் வெற்றுப் பக்கம் ஒன்றை மெயிலில் இணைக்கலாம். நான் பார்த்த இணைப்புகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

ரகசியம் கெடாமலேயே ஒரு தேர்வு கெட்டுப்போகவும் வழி இருக்கிறது. கட்டின் மேல் ஒரு பாடத்தின் பெயர், உள்ளே இன்னொரு பாடம். ஹாலில் பிரித்த பிறகுதான் தெரியவரும். அதற்குள் நாளைய தாளைப் பிள்ளைகள் இன்றே பார்த்துவிடுவார்கள், இரண்டு தேர்வும் போயிற்று. இதைத் தடுக்க, பேக்கிங் மேசையில் எப்போதும் ஒரே ஒரு பாடம்தான் இருக்க வேண்டும். அது முடிந்து மேசை காலியான பிறகுதான் அடுத்தது வர வேண்டும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வினாத்தாள் குறியீடு அச்சாகியிருக்க வேண்டும். உறையிடும் முன் கட்டின் மேல் தாளிலும் கடைசித் தாளிலும் அந்தக் குறியீட்டை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் லேபிளோடு ஒப்பிட வேண்டும்.

வினாத்தாளை இதே மெயிலுக்கு அனுப்பச் சொல்லலாமா?

வேண்டாம். ரேட் கேட்டு வரும் மெயில் முகவரியை அச்சகத்தில் மூன்று நான்கு பேர் திறப்பார்கள், போனிலும் திறந்திருக்கும். "வினாத்தாள் கோப்புகளை இந்த முகவரிக்கு அனுப்ப வேண்டாம். ஆர்டர் உறுதியான பின் தனி வழிமுறை தருகிறோம்" என்று தெளிவாக எழுதுங்கள். பென் டிரைவில் நேரில் வாங்கி, இன்டர்நெட் இணைப்பு இல்லாத ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் திறப்பது எளிமையான வழி. தூரத்தில் இருக்கும் கல்லூரி என்றால் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டிய பிடிஎஃப்பைத் தனி முகவரிக்கு அனுப்பட்டும். பாஸ்வேர்டை போனில் சொல்லட்டும். இரண்டும் ஒரே மெயிலில் வந்தால் பூட்டியும் பயனில்லை.

பிடிஎஃப் என்று வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் டைப் செய்த வேர்டு கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கொட்டும். யூனிகோடாகவே இருந்தாலும் வரி நகர்ந்து, படத்தின் கீழே இருக்க வேண்டிய கேள்வி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். எழுத்துருக்கள் உள்ளே பதிந்த பிடிஎஃப் என்றால் அந்தப் பிரச்சினை இல்லை.

நாற்பது பள்ளிக்கு ஒரே மெயிலைத் தட்டிவிடலாமா? சில பேருக்குப் போய்ச் சேரவே இல்லைங்கறாங்க.

நாற்பது முகவரியையும் To பெட்டியில் போட்டால் ஒவ்வொரு பள்ளிக்கும் மற்ற 39 பள்ளியின் முகவரி தெரிந்துவிடும். வினாத்தாள் ரகசியம் பேசும் மெயிலே அப்படி வந்தால் அதற்குமேல் யார் படிப்பார்கள்? Bcc-யில் போட்டால் முகவரி மறையும். ஆனாலும் பொதுக் கடிதம் என்பது தெரிந்துவிடும், ஸ்பேமுக்குப் போகவும் வாய்ப்பு அதிகம். மேலே சொன்ன கணக்கைப் பள்ளிக்குப் பள்ளி மாற்றித்தான் எழுத வேண்டும் என்பதால் தனித்தனியாக அனுப்புவதே சரி. ஒரு நாளைக்கு ஐந்து ஆறு அனுப்பினால் ஏழெட்டு நாளில் முடிந்துவிடும்.

போய்ச் சேராததற்கு அநேகமாக இரண்டு காரணங்கள் இருக்கும். இணைப்பு மிகப் பெரியது, அல்லது மெயில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் SPF, DKIM பதிவுகள் உங்கள் டொமைனில் இல்லை. உங்களுடைய ஜிமெயில் முகவரி ஒன்றுக்கே அனுப்பிப் பாருங்கள். அங்கே மெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Show original என்பதை அழுத்தினால் SPF, DKIM இரண்டுக்கும் எதிரே PASS என்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டொமைன் வாங்கிய இடத்தில் சொல்லிச் சரிசெய்யுங்கள். இணைப்பு ஒரே பிடிஎஃப்பாக, 2 எம்பிக்குள் இருக்கட்டும்.

சரி, மொத்த மெயிலும் எப்படி இருக்கும்? ஒண்ணு எழுதிக் காட்டுங்க.

மேலே எடுத்துக்கொண்ட 1,200 மாணவர் பள்ளிக்கே எழுதுகிறேன்.

> பொருள்: வரும் கல்வியாண்டுக்கான விடைத்தாள், பதிவேடுகள், பருவத் தேர்வு வினாத்தாள் அச்சுப் பணி
>
> மதிப்பிற்குரிய தலைமையாசிரியர் அவர்களுக்கு,
>
> வணக்கம். தங்கள் பள்ளியின் 1,200 மாணவர்களுக்கு மூன்று பருவத் தேர்வுகளுக்குமாக ஏறக்குறைய 22,680 விடைத்தாள் புத்தகங்கள் (16 பக்கம், ஏ4, 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோ) தேவைப்படும் என்று கணக்கிட்டிருக்கிறோம். ஒவ்வொரு தேர்வுக்கும் 15 நாள் முன்பு 7,560 வீதம் மூன்று தவணையாகக் கொண்டுவந்து சேர்ப்போம். வருகைப் பதிவேடு, ரசீது புத்தகம், மதிப்பெண் அட்டை ஆகியவற்றைப் பள்ளி திறப்பதற்கு ஒரு வாரம் முன்பே தருவோம். எண்ணிக்கை உத்தேசமே. தாங்கள் சொல்லும் எண்ணிக்கைப்படி மாற்றிக்கொள்ளலாம்.
>
> பருவத் தேர்வு வினாத்தாள்களைத் தனி அறையில் அச்சிடுகிறோம். மெஷினுக்குக் கொடுத்த தாள், நல்ல படி, வேஸ்ட் மூன்றையும் எண்ணிப் பதிவு செய்தபின் வேஸ்ட்டையும் மாஸ்டரையும் துண்டாக்குகிறோம். ஹால் வாரியாகக் கட்டி, எண்ணிட்ட சீல் வைத்து, தாங்கள் எழுத்தில் குறிப்பிடும் ஒருவரிடம் மட்டும் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கிறோம். வினாத்தாள் பணி தரும் பள்ளிகளின் பெயரை வெளியிடுவதில்லை.
>
> விலைப்பட்டியலும் எங்கள் கணக்குப் பதிவேட்டின் வெற்றுப் பக்கமும் இணைப்பில் உள்ளன. வினாத்தாள் கோப்புகளை இந்த முகவரிக்கு அனுப்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> விடைத்தாள் மாதிரியை நேரில் கொண்டுவந்து காட்ட, அடுத்த வாரத்தில் தங்களுக்கு வசதியான ஒரு நாளைத் தெரிவித்தால் வருகிறோம். ஸ்டேஷனரி பற்றி அலுவலகத்திலும், வினாத்தாள் பற்றித் தேர்வுப் பொறுப்பாளரிடம் தனியாகவும் பேச விரும்புகிறோம்.
>
> இப்படிக்கு,
> பெயர், பொறுப்பு, அச்சகத்தின் பெயர், தொலைபேசி எண்

தனி அறை இல்லாதவர்கள் அந்த வரியை அப்படியே எடுத்துப் போடாதீர்கள். "வினாத்தாள் அச்சிடும் நேரத்தில் வேறு வேலை எடுப்பதில்லை, வெளியாட்களை அனுமதிப்பதில்லை" என்று உள்ளதை எழுதினால் போதும்.

பதிலே வரலை. திரும்ப எத்தனை தடவை அனுப்பலாம்?

பத்து நாள் கழித்து, பழைய மெயிலின் தொடர்ச்சியாகவே ஒருமுறை, மூன்று வரியில். அதற்கும் பதில் இல்லை என்றால் மாதிரி விடைத்தாளை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். மூன்றாவது மெயில் வேண்டாம். அந்த வருடம் வேறிடத்தில் கொடுத்திருந்தால், ஸ்டேஷனரியில் ஏதாவது ஒரு சிறு வேலையைக் கேளுங்கள். வினாத்தாளை முதல் வருடமே கொடுக்கத் தயங்கும் பள்ளிகள் ரசீது புத்தகத்தில் தொடங்கிப் பார்ப்பதுண்டு. அந்தத் தயக்கத்தை நான் நியாயமானதாகவே பார்க்கிறேன்.

வேண்டாம்னு எழுதியும் பதில் மெயில்ல வினாத்தாளையே இணைச்சு அனுப்பிட்டாங்க. என்ன பண்றது?

திறக்காதீர்கள், யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள், அதே மெயிலுக்குப் பதிலும் எழுதாதீர்கள். முதலில் போன் செய்து, இன்ன மெயிலில் இணைப்பு வந்திருக்கிறது, இந்தப் பெட்டியை இத்தனை பேர் பார்க்க முடியும் என்று உள்ளபடி சொல்லுங்கள். அந்தத் தாளைப் பயன்படுத்துவதா, மாற்றுவதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் அவர்கள். பிறகு மெயிலை நீக்கி, குப்பைத் தொட்டியிலிருந்தும் நீக்குங்கள். அந்த முகவரி எந்தெந்த போனில் திறந்திருக்கிறதோ அங்கெல்லாம் இணைப்பு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீக்கியாயிற்று என்று புதிய மெயிலில் எழுத்தில் தெரிவியுங்கள்.

சொல்லாமல் விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. நாளை அந்தத் தாள் வெளியே வந்தால், அந்த மெயில் உங்கள் பெட்டிக்கு வந்த நேரம் அவர்களிடம் பதிவாகியிருக்கும்.

எங்க மெஷின்மேனோட பொண்ணு அதே பள்ளியிலதான் படிக்குது. மெயில்ல சொல்லணுமா?

முதல் மெயிலில் தேவையில்லை. ஆர்டர் பேசும்போது கட்டாயம் சொல்ல வேண்டும். அந்தப் பெண்ணின் வகுப்புத் தாள்கள் ஓடும்போது அவர் அந்த வேலையில் இருக்க மாட்டார் என்று எழுதிக் கொடுங்கள், அவரிடமும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். சந்தேகத்தால் ஒதுக்குகிறோம் என்று அவர் நினைத்துவிடக் கூடாது. நாளை ஏதாவது பேச்சு வந்தால் முதலில் அடிபடுவது அவரும் அந்தப் பிள்ளையும்தான். ஆளே இரண்டு பேர்தான், ஒதுக்க முடியாது என்றால் அந்த வகுப்பின் தாள்களை மட்டும் ஏற்காமல் விடுங்கள்.

தேர்வுக்கு முந்தின ராத்திரி போன் பண்ணி "ஒரு கேள்வி மாத்தணும்"னு சொன்னா?

அந்த எண்ணில் பேசியபடியே எதையும் மாற்றாதீர்கள். போனை வைத்துவிட்டு, ஒப்பந்தத்தின்போது எழுத்தில் கொடுத்த பொறுப்பாளரின் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள். அவர் சொன்னால்தான் மாற்றம். ஒரு கேள்வி தெரிய வேண்டும் என்பதற்காகவே இப்படிப் பேசுபவர்களும் இருக்கலாம் என்பதால், எந்தக் கேள்வி, எந்தப் பக்கம் என்று போனில் நீங்கள் படித்துக் காட்டக் கூடாது.

உண்மையான திருத்தம்தான் என்றால், சீல் வைத்த 9 கட்டையும் பிரித்து மறுபடி அடிப்பதைவிட, திருத்தத்தை ஒரு சிறு துண்டுத் தாளில் அடித்து ஹால் எண்ணிக்கைப்படி தனி உறையில் கொடுப்பது பாதுகாப்பானது. தேர்வு தொடங்கும்போது வினாத்தாளோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம். மறுபடி அடித்தே ஆக வேண்டும் என்றால் முதலில் அடித்த 210 படியும் தாள் கணக்கில் வேஸ்டாக ஏறி, அன்றிரவே துண்டாக வேண்டும். இந்தச் சிக்கல் வராமல் இருக்க, திருத்தங்களை ஏற்கும் கடைசி நாளை விலைப்பட்டியலின் நிபந்தனையிலேயே எழுதிவிடுங்கள். பேக்கிங் தொடங்குவதற்கு முந்தைய நாள் மாலை என்று வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் தோதாக இருக்கும்.